விளக்கும் கண்ணாடியும்: இரவில் பறக்கும் பறவைகள் ஏன் மோதிச் சாகின்றன?

வலசை போகும் சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் பறக்கின்றன. இரவுக் காற்று குளிர்ச்சியாகவும் சலனமில்லாமலும் இருப்பதால் உடல் சூடேறுவதில்லை, நீரும் அதிகம் இழப்பதில்லை. வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகளின் தொல்லையும் குறைவு. பகலில் இறங்கி இரை தேடுவதும், பொழுது சாய்ந்ததும் மறுபடி கிளம்புவதுமாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டரைக் கடந்துவிடுகின்றன. உள்ளங்கையில் அடங்கும் பறவைகள் இப்படித்தான் கண்டங்களைத் தாண்டுகின்றன.

இருட்டில் வழி தெரிவதற்கு அவற்றிடம் ஒன்றுக்கு மேற்பட்ட உபாயங்கள் உண்டு. ஒன்று விண்மீன்கள். 1960களில் ஸ்டீபன் எம்லன் என்ற அமெரிக்க ஆய்வாளர், கோளரங்கத்தின் செயற்கை வானத்துக்குக் கீழே கூண்டுப் பறவைகளை வைத்துச் சோதித்தார். வானம் எந்தப் புள்ளியை மையமாகக் கொண்டு சுழல்கிறதோ அதையே பறவைகள் வடக்காக எடுத்துக்கொண்டன. இரண்டாவது, பூமியின் காந்தப்புலம். அதை உணரும் திறன் கண்ணில் விழும் ஒளியோடு தொடர்புடையது என்றும், விழித்திரையில் உள்ள ஒருவகைப் புரதம் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆக, விண்மீன், காந்தம் இரண்டுக்குமே கண்தான் வாசல். தப்பான வெளிச்சம் அந்த வாசலில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை நியூயார்க்கில் துல்லியமாக அளந்திருக்கிறார்கள்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 11 அன்று, இடிந்துபோன இரட்டைக் கோபுரங்களின் நினைவாக அந்நகரில் 88 சக்திவாய்ந்த விளக்குகளைக் கொண்டு இரண்டு ஒளித்தூண்களை வானத்தை நோக்கிப் பாய்ச்சுகிறார்கள். அது வலசை உச்சத்தில் இருக்கும் பருவம். ஏழு ஆண்டுகளில் ஏழு இரவுகளை ரேடார் மூலம் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட கணக்குப்படி, அந்த ஒளித்தூண்கள் சுமார் 11 லட்சம் பறவைகளின் போக்கைப் பாதித்திருந்தன. வழியே போய்க்கொண்டிருந்த பறவைகள் ஒளிக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்து, விடாமல் குரல் கொடுத்தபடி அங்கேயே வட்டமடித்தன. விளக்கை அணைத்தபோது சில நிமிடங்களில் கூட்டம் கலைந்து தன் பாதைக்குத் திரும்பியது. இந்த விவகாரத்தில் நம்பிக்கை தரும் விஷயம் இதுதான்: மயக்கம் விளக்கு எரியும்வரை மட்டுமே. அதனால் அங்கே பறவை ஆர்வலர்கள் இரவெல்லாம் கண்விழித்து எண்ணுகிறார்கள். ஒளிக்குள் ஆயிரம் பறவைக்கு மேல் சிக்கினால் விளக்குகளை 20 நிமிடம் அணைத்துவைக்கிறார்கள்.

வானம் தெளிவாக இருக்கும்போது பறவைகள் உயரத்தில் பறந்து நகரத்தைத் தாண்டிவிடும். மேகம் கவிந்தாலோ தூறல் விழுந்தாலோ தாழ இறங்கிவிடுகின்றன. விண்மீன்கள் மறைந்துபோக, நகர வெளிச்சம் மேகத்தில் பட்டு எல்லாத் திசையிலும் ஒரே மஞ்சளாகப் பரவுகிறது. அசாமின் ஜாட்டிங்கா கிராமத்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை, நிலவில்லாத மூடுபனி இரவுகளில் பறவைகள் விளக்கைத் தேடி வந்து விழுவது பல காலமாகத் தெரிந்த செய்தி. 'பறவைகளின் தற்கொலை' என்று பத்திரிகைகள் அதற்கு ஒரு பேரும் வைத்துவிட்டன. அங்கே விழுபவை பெரும்பாலும் நெடுந்தூர வலசைப் பறவைகள் இல்லை என்றாலும், பனியும் விளக்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது நல்ல சான்று. தற்கொலை என்பது வெறும் பேச்சு.

விளக்கு இழுத்துவந்த பறவையைக் கொல்வது பெரும்பாலும் கண்ணாடிதான். வெளிச்சத்தைச் சுற்றிக் களைத்த பறவை விடியற்காலையில் நகரத்துக்குள்ளேயே இறங்குகிறது. பசியோடு மரத்தைத் தேடுகிறது. எதிரே கட்டடக் கண்ணாடியில் மரமும் வானமும் அப்படியே பிரதிபலிக்கின்றன. அல்லது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொட்டிச் செடி தெரிகிறது. மனிதன் கதவின் சட்டத்தையும் கைப்பிடியையும் பார்த்து அங்கே கண்ணாடி இருப்பதை ஊகித்துக்கொள்கிறான். பறவைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. முழு வேகத்தில் மோதுகிறது. கழுத்து முறிந்து சாவதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அநேகமாக மூளைக்குள் ரத்தம் கசிந்துதான் சாகின்றன. மோதிய உடனே பறந்துபோன பறவையும் பிழைத்துவிட்டது என்று சொல்ல முடியாது.

இந்த இரண்டும் ஒரே இடத்தில் கூடும்போது நடப்பதைச் சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ் மாநாட்டு மையம் காட்டியது. மிச்சிகன் ஏரியின் கரையிலேயே நிற்கும் அதன் ஏரிமுகக் கட்டடம் ஒன்றும் வானளாவியது அல்ல, தாழ்வானது. ஆனால் சுற்றிலும் கண்ணாடிச் சுவர். ஏரிக்கரையை ஒட்டித்தான் வலசைப் பாதையும் போகிறது. அருகிலுள்ள ஃபீல்டு அருங்காட்சியகத்தின் பறவையியலாளர் டேவிட் வில்லார்ட், அங்கே பறவைகள் மோதுவதாகக் கேள்விப்பட்டு 1978-இல் ஒருநாள் போய்ப் பார்த்தார். கண்ணாடியின் அடியில் செத்த பறவைகள் கிடந்தன. அன்று தொடங்கியது, வலசைப் பருவந்தோறும் விடியற்காலையில் அங்கே போய்ப் பொறுக்குவது அவருக்கும் சக ஊழியர்களுக்கும் வாடிக்கையாகிவிட்டது. நாற்பது ஆண்டுகளில் அந்த ஒரு கட்டடத்தடியில் மட்டும் 40,000 பறவைகளுக்கு மேல் சேர்ந்தன. ஒவ்வொன்றையும் இனம், தேதி, சிறகின் நீளம், கால் எலும்பின் நீளம் என்று பேரேட்டில் பதிந்தார். சிகாகோ முழுவதிலும் சேகரித்த எழுபதாயிரம் பறவைகளின் அளவுகளை வைத்துத்தான், வட அமெரிக்க வலசைப் பறவைகளின் உடல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துவருகிறது என்பதைப் பின்னர் கண்டுபிடித்தார்கள். ஒரு கொலைக்களம் இவ்வளவு அறிவியலைத் தந்தது வேடிக்கைதான்.

வில்லார்ட் இன்னொரு வேலையும் செய்தார். எந்தெந்த ஜன்னல் பகுதியில் விளக்கு எரிந்தது, எது இருட்டாக இருந்தது என்பதையும் குறித்துவைத்தார். விளக்கு எரிந்த ஜன்னலடியில் பறவைகள் அதிகம். இருட்டு ஜன்னலடியில் குறைவு. இருபது ஆண்டுக் குறிப்புகளை ரேடார் தகவல்களோடு ஒப்பிட்டு 2021-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. வலசையின் அளவு, காற்றின் திசை இவற்றோடு, எவ்வளவு ஜன்னல் ஒளிர்ந்தது என்பதும் சாவு எண்ணிக்கையைத் தீர்மானித்தது. அந்தக் கட்டடத்தில் பதிவான மிகக் குறைந்த வெளிச்ச அளவையே எப்போதும் கடைப்பிடித்தால் சாவு சுமார் 60 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டார்கள். ஒரு பைசா செலவில்லை. சுவிட்சை அணைத்தால் போதும்.

ஆனால் மாநாட்டு மையத்தில் நிகழ்ச்சி நடக்கும்போது விளக்கை அணைக்க முடிவதில்லை. 2023 அக்டோபர் 4-ஆம் தேதி இரவு இதன் விளைவு தெரிந்தது. பல நாட்களாக எதிர்க்காற்றால் தேங்கி நின்ற பறவைகள், வடக்கிலிருந்து குளிர்காற்று வீசத் தொடங்கியதும் ஒரே இரவில் கிளம்பின. விடியும் நேரத்தில் மழையும் மேகமும் அவற்றைத் தாழ இறக்கின. கட்டடத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மறுநாள் காலையில் அங்கே ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் செத்துக் கிடந்தன. பெரும்பாலும் வார்ப்ளர் எனப்படும் சிறு பூச்சியுண்ணிகள். நாற்பது ஆண்டுகளாகப் பொறுக்கிவந்த வில்லார்டே அப்படியொரு காலையைக் கண்டதில்லை.

நகரில் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு, 2024 கோடையில் அந்தக் கட்டடத்தின் கண்ணாடி முழுவதும் சிறு புள்ளிகளை ஒட்டினார்கள். ஏறத்தாழ 1,20,000 சதுர அடி; செலவு 12 லட்சம் டாலர். கோடு போடுமுன் வாசலில் வைத்த புள்ளிக்கோலத்தைப் போல, இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளியாகக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் வரிசையாக இருக்கும். உள்ளே இருப்பவருக்கு ஏரியின் காட்சி பெரிதாகக் கெடுவதில்லை. அடுத்து வந்த இலையுதிர் பருவத்தில் மோதிச் சாகும் பறவைகள் ஏறத்தாழ 95 சதவீதம் குறைந்தன.

இந்தப் புள்ளிகள் பயன்படுவதற்கு இரண்டு விஷயம் காரணம். ஒன்று இடைவெளி. பறவை தன் உடல் நுழையும் அளவுக்குச் சந்து தெரிந்தால் அதற்குள் பாயப் பார்க்கும். இரண்டு அங்குலம், அதாவது ஐந்து சென்டிமீட்டர் என்றால் சிறு குருவியும் திரும்பிவிடுகிறது. கண்ணாடியின் நடுவே ஒரே ஒரு பருந்துப் படத்தை ஒட்டும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அது பயனற்றது. அசையாத பருந்தைக் கண்டு குருவி பயப்படாது. படத்துக்குப் பக்கத்தில் உள்ள வெற்றுக் கண்ணாடியில்தான் வந்து மோதும். இரண்டாவது, புள்ளிகள் வெளிப்புறத்தில் இருக்க வேண்டும். உள்பக்கம் ஒட்டினால் பகலில் பிரதிபலிப்பு அதை மறைத்துவிடும்.

உயரமான கோபுரங்கள்தான் குற்றவாளி என்று நினைப்பதும் சரியில்லை. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 36 கோடி முதல் 100 கோடி வரை பறவைகள் கண்ணாடியில் மோதிச் சாவதாக 2014-இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் வானுயரக் கட்டடங்களின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. வீடுகளும் சில மாடிக் கட்டடங்களும்தான் மிச்சம் எல்லாம். கோபுரம் ஒவ்வொன்றும் நிறையக் கொல்கிறது, ஆனால் வீடுகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. எனவே வீட்டில் செய்யும் சிறு மாற்றத்துக்கும் மதிப்புண்டு.

அதற்கு விலையுயர்ந்த படலம் தேவையில்லை. நம் ஊரில் ஜன்னலுக்கு வெளியே அடிக்கும் கொசுவலையே நல்ல பாதுகாப்பு. பிரதிபலிப்பையும் மறைக்கும், மோதினாலும் அடி மெத்தென்று விழும். வலை போட முடியாத பெரிய கண்ணாடிக்கு வெளிப்புறத்தில் நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக மெல்லிய கயிறுகளை மேலிருந்து தொங்கவிடலாம். பெயின்டாலோ சோப்பாலோ இரண்டு அங்குல இடைவெளியில் கோடு போடலாம். கண்ணாடியை ஒட்டி உள்ளே வைத்த செடிகளைத் தள்ளி வைக்கலாம். மொட்டைமாடி, தோட்ட விளக்குகளுக்கு மேலே மூடி போட்டு ஒளி கீழே மட்டும் விழச் செய்யலாம். அலங்கார விளக்குகளை இரவு 11 மணிக்கு மேல் அணைத்துவிடலாம். விளக்கு எரிந்தே ஆக வேண்டிய அலுவலகத்தில் திரைச்சீலையை இழுத்துவிட்டாலே வெளியே போகும் ஒளி பெருமளவு குறையும்.

தமிழ்நாட்டில் இதைக் கவனிக்க வேண்டிய மாதங்கள் செப்டம்பர் முதல் நவம்பர் வரையும், திரும்பும் பயணத்துக்கு மார்ச், ஏப்ரலும். வடக்கே இமயமலை அடிவாரம் வரை குஞ்சு பொரித்துவிட்டு இரவோடு இரவாகத் தெற்கே வரும் ஆறுமணிக்குருவி, அந்த நாட்களில் வீட்டு வராந்தாவிலும் மாடிப்படியிலும் களைத்து ஒதுங்கிக் கிடப்பது பலர் கண்டதுதான். பச்சை முதுகும் வயிற்றடியில் சிவப்பும் கொண்ட அதைக் கிளி என்று நினைத்துக் கூண்டில் அடைப்பவர்களும் உண்டு. அப்படி ஒரு பறவை கிடைத்தால், காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து உள்ளே விட்டு, மூடி, சந்தடியில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்; மூச்சுக்குழலில் போய்விடும். அடிக்கடி திறந்து பார்க்கவும் வேண்டாம். ஓரிரு மணி நேரத்தில் உள்ளே படபடக்கும் சத்தம் கேட்டால், கண்ணாடி இல்லாத மரத்தடிக்குக் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்துவிடுங்கள். இறக்கை தொங்கினாலோ நிற்க முடியாமல் சாய்ந்தாலோ கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ ஒப்படையுங்கள்.