ஒரு காலையில் எடுத்த படம், ஒரு மாதத்துக்கு ஓடும்

கஃபே திறந்த முதல் வாரம் இன்ஸ்டாகிராம் பக்கம் களைகட்டும். குத்துவிளக்கு, ரிப்பன், பூங்கொத்தோடு வந்த சொந்தக்காரர்கள் என்று தினமும் நாலு படம் ஏறும். இரண்டாவது வாரம் பால் வரவில்லை, மாஸ்டர் லீவு என்று முதலாளிக்கு மூச்சு விட நேரமிருக்காது. பக்கம் அப்படியே நின்றுபோகும். தினமும் படத்துக்கு அலையாமல், ஒரே காலையில் மாதம் முழுவதற்கும் எடுத்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

கோவையில் 20 பேர் உட்காரக்கூடிய ஒரு கஃபே என்று வைத்துக்கொள்வோம். ஃபில்டர் காபி, பன் பட்டர் ஜாம், முட்டை பப்ஸ், சாயங்காலம் வாழைப்பூ வடை. போன்தான் கேமரா. வாரத்துக்கு மூன்று என்று மாதம் 12 பதிவு போதும். தினமும் ஒன்று போடச் சொல்கிறவர்கள் கடை நடத்திப் பார்க்காதவர்கள்.

அந்தப் பன்னிரண்டையும் எதைப் பற்றிப் போடுவது என்பதை பில்லிங் மிஷின் சொல்லும். மணிவாரியான விற்பனையை எடுத்துப் பாருங்கள். சனி, ஞாயிறு சாயங்காலம் எப்படியும் கூட்டம் வருகிறது. வார நாட்களில் 3 மணியிலிருந்து 5 மணி வரை நாற்காலிகள் காலி. அப்படியானால் ஆறு பதிவு அந்தக் காலி நேரத்துக்கே போகட்டும். செவ்வாய், வியாழன் பகல் 2 மணிக்கு, சாப்பிட்டுவிட்டு ஆபீசில் சொக்கிக்கொண்டிருப்பவரின் கண்ணில் வடையும் காபியும் படவேண்டும், விலையோடு. விலைக்கு மெசேஜில் கேளுங்கள் என்று எழுதினால் பாதிப் பேர் கேட்கவே மாட்டார்கள். மீதி ஆறில் இரண்டு, கடைக்கு வழி: ரோட்டிலிருந்து பார்த்தால் கடை எப்படித் தெரியும், வண்டியை எங்கே நிறுத்தலாம். மற்ற நான்கும் மாஸ்டர், டிகாக்‌ஷன் இறங்குவது, காலையில் ஷட்டர் தூக்குவது போன்றவை.

இப்போது படம். கூட்டமில்லாத ஒரு வார நாள், காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள். ஜன்னலோர மேஜை ஒன்றைப் பிடியுங்கள். வெயில் நேராக விழுந்தால் ஒரு வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டலாம். முக்கியமான வேலை, மேலே எரிகிற விளக்குகளை அணைப்பது. ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் கலந்தால் காபியின் ஒரு பக்கம் நீலம் தட்டும், இன்னொரு பக்கம் மஞ்சளடிக்கும். வெள்ளைத் தட்டைப் பார்த்தால் உடனே தெரியும். பிறகு என்ன திருத்தினாலும் முழுதாகச் சரியாகாது. ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். லென்ஸைத் துடைத்துக்கொள்ளுங்கள், அடுக்களையில் புழங்கும் போனில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், படம் முழுக்கப் பனிமூட்டம் போட்டதுபோல வரும்.

ஃபில்டர் காபிக்கு ஒரு சங்கடம் உண்டு. நுரை சீக்கிரம் அமுங்கிவிடும். அதனால் முதலில் காலி டபராவையும் டம்ளரையும் வைத்து, கோணம் பார்த்து, பின்னால் கிடக்கும் துடைப்பத்தையும் சாம்பார் வாளியையும் நகர்த்திவிட்டு, எல்லாம் சரியான பிறகே மாஸ்டரை ஆற்றச் சொல்ல வேண்டும். டம்ளர் வந்ததும் மளமளவென்று எடுத்துவிடலாம். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தோ சற்றுப் பின்னாலிருந்தோ விழுந்தால் ஆவி தெரியும். பின்னணி இருட்டாக இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். உயரமான டம்ளரைப் பக்கவாட்டில் எடுங்கள், தட்டில் பரப்பிய வடையை மேலிருந்து. ஒவ்வொன்றையும் மூன்று விதமாக: முழு மேஜை, கிட்டத்தில், கையில் பிடித்தபடி. எட்டுப் பொருளுக்கு 24 படம் சேரும்; 12 பதிவுக்குத் தாராளம். எல்லாம் நெடுக்குவாட்டில், 4:5 அளவில் இருக்கட்டும். கட்டத்தில் ஓரம் வெட்டுப்படலாம் என்பதால் எழுத்தை நடுவில் வையுங்கள்.

ரீல்ஸுக்குச் சினிமாப் பாட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் பிசினஸ் அக்கவுண்டில் மாட்டிக்கொள்வார்கள். உரிமைப் பிரச்சினையால் அங்கே பிரபலமான பாட்டுகள் பல கிடைக்காது. காபி ஆற்றும் சத்தத்தையும் வடை எண்ணெயில் விழும் சத்தத்தையும் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தால், பாட்டே தேவைப்படாது.

எடுத்த படங்களை மெட்டா பிசினஸ் சூட்டில் தேதி, நேரம் போட்டு ஏற்றிவிட்டால் அதுவே வெளியிட்டுக்கொள்ளும், காசு கிடையாது. மழை, பவர் கட், மாஸ்டரின் திடீர் ஸ்பெஷல் எல்லாம் அன்றன்றைக்கு ஸ்டோரியில் போகட்டும். வாடிக்கையாளர் முகம் தெரிந்தால் கேட்டுக்கொண்டு போடுங்கள், குழந்தைகள் என்றால் பெற்றோரிடம்.

மாதக் கடைசியில் லைக்கை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். சென்னையிலும் துபாயிலும் இருக்கிற நண்பர்கள் போட்ட லைக் கோவையில் ஒரு காபிகூட விற்காது. பார்த்தவர்கள் எந்த ஊர் என்று இன்சைட்ஸில் பாருங்கள். எத்தனை பேர் பதிவைச் சேமித்தார்கள், நண்பருக்கு அனுப்பினார்கள் என்றும் பாருங்கள். அதைவிட முக்கியம், செவ்வாய் 3 மணி பில் கூடியதா என்பது. அதே படங்களைக் கூகுள் மேப்பில் கடையின் பக்கத்திலும் ஏற்றுங்கள். எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்ற கணக்கு அங்கே கிடைக்கும். மெனு படத்தில் பழைய விலை இருந்தால் மட்டும் உடனே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கல்லாவில் நிற்கிறவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.