அஞ்சல் வருகிறது, போகவில்லையே?

போனில் மின்னஞ்சல் கணக்கை நாமே அமைக்கும்போது பலருக்கும் நேர்வது இது: வரும் அஞ்சல் ஒழுங்காக வருகிறது, எழுதியது மட்டும் அவுட்பாக்ஸிலேயே கிடக்கிறது. காரணம், இரண்டுக்கும் தனித்தனி சர்வர்கள். ஒன்றின் அமைப்பு சரியாக இருப்பதால் மற்றதும் சரியாகிவிடாது.

யாஹூ கணக்கையே எடுத்துக்கொள்வோம். வரும் அஞ்சலுக்கு imap.mail.yahoo.com, போர்ட் 993, பாதுகாப்பு வகை SSL/TLS. போகும் அஞ்சலுக்கு smtp.mail.yahoo.com, போர்ட் 465, அதே SSL/TLS. போர்ட் 587 என்று கொடுத்தால் பாதுகாப்பு வகையை STARTTLS என்று மாற்ற வேண்டும். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன.

465-இல் இணைப்பு தொடக்கத்திலிருந்தே மறையாக்கம் செய்யப்படுகிறது. 587-இல் சர்வர் முதலில் சாதாரணமாகப் பேசும். பிறகுதான் மறையாக்கத்துக்கு மாறும். 465-உடன் STARTTLS-ஐத் தேர்ந்தால், சர்வரின் முதல் வார்த்தைக்காகப் போன் காத்திருக்கும். மறையாக்கத்தைப் போன் தொடங்கட்டும் என்று சர்வர் காத்திருக்கும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் இணைக்க முடியவில்லை என்ற செய்தி வரும்.

இணைப்பு கிடைத்து, கடவுச்சொல் தவறு என்று வந்தால் கோளாறு வேறு. யாஹூவில் வழக்கமான கடவுச்சொல் இங்கே செல்லாது; கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் செயலிக்கென்றே தனிக் கடவுச்சொல் உருவாக்கி, அதை இரண்டு சர்வர்களுக்கும் கொடுக்க வேண்டும்.

அஞ்சல் போகவில்லை என்பதற்காகப் பாதுகாப்பு வகையில் 'எதுவுமில்லை' என்பதை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். கடவுச்சொல் மறைப்பின்றி வெளியே போய்விடும்.