டேண்டம் பாக்ஸ், கரோசல்: கையெழுத்துப் போடும் முன்

என் தங்கை புது அடுக்குமாடி வீட்டுக்கு மாடுலர் கிச்சன் போட விலை கேட்டிருந்தாள். பத்துக்கு எட்டு அடி அறை, 'எல்' வடிவ மேடை. வந்த கொட்டேஷனில் "டேண்டம் பாக்ஸ் 3, கார்னர் கரோசல் 1, சாஃப்ட் குளோஸ்" என்று இருந்தது. எதிரே விலை. வேறொன்றும் இல்லை.

"இது என்னன்னே தெரியாம எப்படிக்கா கையெழுத்துப் போடறது?" என்றாள். அன்று மாலை அவளோடு உட்கார்ந்து அந்த வரிகளைப் பிரித்துப் பார்த்தோம். முதல் தடவை வாங்குகிற எல்லாருக்கும் அது உதவும்.

டேண்டம் பாக்ஸிலிருந்து தொடங்கினோம். இது உண்மையில் ஆஸ்திரியாவின் புளூம் கம்பெனி தன் இழுப்பறைக்கு வைத்த பெயர். நம் ஊர்க் கடைகளில், ஜெராக்ஸ் என்ற பெயரைப் போல, எந்தக் கம்பெனியின் இரும்புப் பக்கச்சுவர் வைத்த இழுப்பறைக்கும் அதே பெயராகிவிட்டது. ஆகவே கொட்டேஷனில் "டேண்டம் பாக்ஸ்" என்று மட்டும் இருந்தால், எந்தக் கம்பெனியின் சரக்கு வரும் என்பதை அது சொல்லவில்லை.

பொருள் இதுதான். இழுப்பறையின் இரண்டு பக்கங்களும் இரட்டைத் தகடாலான சுவர்கள். அது ஓடும் தண்டவாளம் கண்ணில் படாமல் அடியில் ஒளிந்திருக்கும். முழுக்க இழுத்தால் பின்கோடி வரை வெளியே வரும். மூடும்போது கடைசிச் சில சென்டிமீட்டரில் தானாக உள்ளிழுத்து, சத்தமில்லாமல் சேர்ந்துகொள்ளும். அதுதான் சாஃப்ட் குளோஸ்.

இதற்கு மலிவான மாற்று, மரப்பெட்டிக்கோ கம்பிக் கூடைக்கோ இருபுறமும் டெலஸ்கோப்பிக் சேனல் வைப்பது. குண்டு பேரிங் ஓடும் அந்தச் சேனலும் முழுக்க வெளியே வரும். 35 கிலோவுக்கு மேல் தாங்குகிற வகைகளும் அதில் உண்டு. பலம் வேண்டும் என்பதற்காக மட்டும் டேண்டம் பாக்ஸ் வாங்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் ஆடாமல் ஓடுவது, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் தண்டவாளத்தில் எளிதில் படியாதது, துடைக்கச் சுலபமானது ஆகியவற்றுக்குத்தான் கூடுதல் விலை.

இடமும் அதில் கூடுவதில்லை. 60 செ.மீ. அகலக் கேபினெட்டில் இரண்டு பக்கப் பிளையும் போனால் உள்ளே 56 செ.மீ. மிஞ்சும். அதில் தண்டவாளமும் இரட்டைச் சுவர்களும் போக, பாத்திரம் வைக்கக் கிடைப்பது சுமார் 48 செ.மீ. "அறுபது செ.மீ. டிராயர்" என்று கேட்டு அறுபதுக்குப் பாத்திரம் அடுக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

அடுத்தது எடை. பரவலாகக் கிடைக்கும் டேண்டம் பாக்ஸ் 30 கிலோ தாங்கும். பெரிய பாத்திரங்களுக்கென்று 50, 65 கிலோ வகைகளும் உண்டு. தங்கை கீழ் இழுப்பறையில் மளிகை வைக்க நினைத்திருந்தாள். கூட்டிப் பார்த்தோம்: பொன்னி அரிசி 10 கிலோ, இட்லி அரிசி 5, பருப்பு வகைகள் 8, ஐந்து லிட்டர் எண்ணெய் நாலரை, எவர்சில்வர் டப்பாக்களின் எடை நாலு. மொத்தம் 31 கிலோவைத் தாண்டிவிட்டது. மாதத்தின் முதல் வாரம் முழுக்க அந்த இழுப்பறை அளவுக்கு மீறிச் சுமக்கும். அது தாங்கவில்லை என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது முகப்புப் பலகை. திறந்திருக்கும்போது முன்பக்கம் தாழும். மூடினால் பக்கத்துப் பலகையோடு மட்டம் சேராது. கடைசி ஒரு அங்குலத்தைக் கையால் தள்ள வேண்டிவரும். அதனால் கீழ் இழுப்பறைக்கு மட்டும் கனமான வகையைக் கேட்கச் சொன்னேன். மேலிருக்கும் கரண்டி டிராயருக்கு 30 கிலோவே தாராளம்.

உயரத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். மேடைக்குக் கீழே கேபினெட் சுமார் 72 செ.மீ. அதை 15, 22, 35 என்று மூன்றாகப் பிரித்திருந்தார்கள். இவை முகப்புப் பலகையின் உயரங்கள். அடித்தளமும் இடைவெளியும் போக, உள்ளே நாலைந்து செ.மீ. குறையும். ஆகவே வீட்டிலேயே உயரமான குக்கரையும் இட்லிப் பானையையும் மூடியோடு டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். தங்கையின் இட்லிப் பானை மூடிக் குமிழோடு 31 செ.மீ. 35 செ.மீ. முகப்புக்குள் அது மயிரிழையில் இடிக்கும். பிரிப்பை 14, 20, 38 என்று மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது.

இனி மூலை. 'எல்' மேடையில் இரண்டு வரிசையும் சந்திக்கும் இடத்தில் கை எட்டாத ஒரு பொந்து உண்டாகிறது. அதை வெளியே கொண்டுவருவதற்குத்தான் கரோசல். நடுவில் ஒரு தூண், அதைச் சுற்றும் தட்டுகள். முக்கால் வட்டத் தட்டு, 90க்கு 90 செ.மீ. மூலைக் கேபினெட்டுக்கானது. அரைவட்டத் தட்டு, ஒரு பக்கம் மறைந்து ஒரு கதவு மட்டும் உள்ள மூலைக்கு. மேஜிக் கார்னர் என்பது வேறு: கதவை இழுத்தால் முன்கூடைகள் வெளியே வர, பின்கூடைகள் நகர்ந்து வாசலுக்கு வரும். மூன்றிலும் அதுவே விலை அதிகம். அதில் இடதுகை, வலதுகை என்று இரண்டு வகை இருப்பதால், ஆர்டர் கொடுக்கும்போது தவறினால் பொருத்தவே முடியாது.

கரோசலில் கிடைக்கும் இடத்தையும் கணக்குப் போட்டோம். அந்த மூலையின் தரைப்பரப்பு சுமார் 7,200 சதுர செ.மீ. 71 செ.மீ. விட்டமுள்ள முக்கால் வட்டத் தட்டின் பரப்பு சுமார் 3,000. பாதிக்கும் குறைவு. வட்டம் என்பதால் ஓரங்கள் வீணாகும். தட்டின் விளிம்பு தாழ்வாக இருந்தால் சின்ன டப்பா பின்னால் விழுந்து, சுழற்சியையே நிறுத்திவிடும். தினமும் எடுக்கிற பொருளை அங்கே வைப்பவருக்கு இந்த இழப்பு தகும். வருஷத்துக்கு நாலு முறை எடுக்கும் பொங்கல் பானையும் முறுக்கு அச்சும் மட்டும் அங்கே போகும் என்றால், சாதாரண அலமாரித் தட்டும் கதவும் போதும். நிறைய கொள்ளும், பணமும் மிச்சம்.

மூலைக்குப் பக்கத்தில் இழுப்பறை வந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எதிர்வரிசையின் கைப்பிடி மூன்று நாலு செ.மீ. துருத்தி நிற்கும், இழுப்பறை வரும்போது அதில் இடிக்கும். நடுவில் ஐந்து செ.மீ. அகலத்தில் ஃபில்லர் என்னும் வெற்றுப்பட்டி வைத்தால் தப்பிக்கலாம். தங்கையின் வரைபடத்தில் அது இல்லை. பொருத்திய பிறகு தெரிந்திருந்தால் கேபினெட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

கடையில் சோதிப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. காட்சிக்கு வைத்த இழுப்பறையை முழுக்க இழுத்து, முகப்பின் ஒரு மூலையை மட்டும் பிடித்து இடமும் வலமும் அசையுங்கள். பிறகு அந்த மூலையிலேயே ஒரு விரலால் தள்ளி மூடுங்கள். கோணாமல் நேராக ஓடிச் சேர்ந்தால் நல்ல சரக்கு. காலி இழுப்பறை எல்லாமே நன்றாக ஓடும். ஆகவே உள்ளே கனமாக எதையாவது வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

தங்கை கொட்டேஷனைத் திருப்பி அனுப்பினாள். மறுபடி வந்ததில் ஒவ்வொரு இழுப்பறைக்கும் கம்பெனிப் பெயர், நீளம் 50 செ.மீ., முகப்பு உயரம், தாங்கும் கிலோ என நாலு விவரம் தனித்தனியாக இருந்தது. கரோசல் போன இடத்தில் இரண்டு தட்டுப் பலகை. அந்தப் பணம், கீழ் இழுப்பறையின் கனமான தண்டவாளத்துக்குப் போனது.