குரல்கள் அடங்கிய பிறகும் மாத்திரை ஏன்?

என் தமையனாரின் மகனுக்கு இருபது வயதில் மனச்சிதைவு நோய் கண்டது. பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக் கொண்டிருந்தவன், தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்றான். ஆளில்லாத அறையில் குரல்கள் கேட்பதாகச் சொன்னான். மனநல மருத்துவர் தந்த மாத்திரையால் ஆறு வாரங்களில் குரல்கள் அடங்கின. ஆனால், கை நடுங்கியது, நடை தளர்ந்தது. எட்டு மாதங்கள் கழித்து, 'குணமாகிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை?' என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். மாத்திரையை நிறுத்தினோம். நடுக்கம் மறைந்தது. நான்காவது மாதம் குரல்கள் திரும்பின.

பொருளாதாரம் கற்பித்த எனக்கு மருத்துவம் அயல்துறை. என் பிழையைப் புரிந்துகொள்வதற்காகவே இதைப் படிக்கத் தொடங்கினேன்.

மூளையில் ஒரு நரம்பணு மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று டோபமைன். ஓர் அணு அதைச் சுரந்து வெளியிடுகிறது. அடுத்த அணுவின் மேலுள்ள ஏற்பிகள் அதைப் பெற்றுக்கொள்கின்றன. நம் புலன்களுக்கு எட்டும் எண்ணற்றவற்றுள் எது முக்கியம் என்று முத்திரையிடுவது அதன் பணிகளுள் ஒன்று. அது மிகுந்துவிட்டால், பொருளற்றவற்றின் மீதும் அந்த முத்திரை விழுகிறது. செய்தி வாசிப்பவரின் சாதாரணச் சொல்லும் தனக்கான சேதியாகத் தோன்றுகிறது. அந்த விசித்திர அனுபவத்துக்கு மனம் தேடிக்கொள்ளும் விளக்கமே மருட்சியாகிறது என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து.

இந்தக் கொள்கை பிறந்ததே மருந்திலிருந்துதான். 1952-இல் பாரீஸில் குளோர்புரோமசின் என்ற மருந்து இந்நோயாளிகளை அமைதிப்படுத்தியது. அது எப்படி வேலை செய்கிறது என்பது அப்போது எவருக்கும் தெரியாது. 1963-இல் சுவீடன் அறிஞர் அர்விட் கார்ல்சன் இத்தகைய மருந்துகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, டோபமைன் சிதைந்து உண்டாகும் பொருள்கள் மூளையில் பெருகியிருந்தன. மருந்து ஏற்பிகளை அடைத்துவிடுவதால், செய்தி சேரவில்லை என்று கருதி மூளை உற்பத்தியைக் கூட்டுகிறது என்று அவர் ஊகித்தார். 1970-களில் அந்த ஊகம் உறுதிப்பட்டது. டி-2 என்னும் ஏற்பியை எந்த மருந்து இறுகப் பற்றுகிறதோ, அது குறைந்த அளவிலேயே நோயை அடக்கியது. டோபமைனைப் பெருக்கும் ஆம்பெட்டமைன், நலமாக இருப்பவரிடமும் இந்நோயின் சாயலை உண்டாக்கக்கூடும் என்பது மறுபக்கச் சான்று.

பின்னாளில் பெட் ஸ்கேன் மற்றோர் உண்மையைக் காட்டியது. நோயாளிகள் பலரின் மூளையில், ஸ்ட்ரையேட்டம் என்னும் ஆழ்பகுதியில், டோபமைன் உற்பத்தியே மிகுந்திருக்கிறது. மருந்தோ, பெறுகின்ற முனையை மட்டும் அடைக்கிறது. ஆற்றில் வெள்ளம் குறையவில்லை. நாம் மதகை மூடி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். கரை காய்ந்திருப்பதைக் கண்டு மதகைத் திறந்துவிட்டவர்கள் நாங்கள். வெள்ளம் உடனே வருவதில்லை என்பதால் நாங்கள் செய்தது சரியென்றே பல வாரங்கள் நம்பினோம்.

அப்படியானால் நடுக்கம் ஏன்? அதே ஸ்ட்ரையேட்டத்தின் மற்றொரு பகுதி உடலின் இயக்கத்தை ஒழுங்குபடுத்துகிறது. அங்கும் டோபமைனே தூதுவன். மருந்துக்கு இடம் பார்த்து அடைக்கத் தெரியாது. டி-2 ஏற்பிகளில் ஏறத்தாழ 65 விழுக்காடு அடைபட்டால் குரல்கள் அடங்கத் தொடங்குகின்றன. 80 விழுக்காட்டை நெருங்கினால் நடுக்கமும் விறைப்பும் பெருகுகின்றன. பொருளாதாரத்தில் நாங்கள் கற்பிக்கும் குறைந்து செல் விளைவு விதி இங்கும் செல்லும். ஓர் அளவுக்கு மேல் மாத்திரையைக் கூட்டினால் நன்மை கூடுவதில்லை, தொல்லைதான் கூடுகிறது.

இந்தக் கொள்கைக்கு எல்லைகளும் உண்டு. குரல்களையும் மருட்சியையும் அடக்கும் மருந்துகள், நோயாளி எதிலும் நாட்டமின்றி ஒதுங்கிப் போவதைப் பெரிதாக மாற்றுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, ஏற்பிகள் போதிய அளவு அடைபட்டும் குரல்கள் ஓய்வதில்லை. அவர்களில் பலருக்குக் குளோசபின் பயன்படுகிறது. அது டி-2 ஏற்பிகளைக் குறைவாகவே பற்றுகிறது. வெள்ளணுக்கள் குறையும் அபாயம் உள்ளதால், அதற்கு ஒழுங்கான ரத்தப் பரிசோதனை தேவை. டோபமைன் மட்டுமே முழுக்கதையன்று என்பதற்கு இவையே சாட்சி.

என் தமையன் மகனுக்கு மருத்துவர் அதே மாத்திரையை, முன்பிருந்ததைவிடக் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கினார். குரல்கள் அடங்கின, இம்முறை கை நடுங்கவில்லை. நாங்கள் முதலிலேயே அவரிடம் போய்க் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, 'மாத்திரையை நிறுத்தலாமா?' என்பதன்று, 'அளவைக் குறைக்கலாமா?' என்பதே.