டார்க் சாக்லேட்டில் பால் எங்கிருந்து வருகிறது?

பெல்ஜியத்திலிருந்து வந்த எழுபது சதவீத டார்க் சாக்லேட் ஒன்றின் பின்பக்கத்தைப் படித்துப் பார்ப்போம். கோகோ மாஸ், சர்க்கரை, கோகோ பட்டர், சோயா லெசித்தின், வனிலா. இதற்குள் பால் எங்கும் இல்லை. கோகோ பட்டர் என்பது கோகோ விதையின் கொழுப்பு. அதற்கும் மாட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பட்டியல் முடிந்த அடுத்த வரியில், அதே சின்ன எழுத்தில், 'மே கண்டெய்ன் மில்க், ஹேசல்நட்ஸ், ஆல்மண்ட்ஸ்' என்று இருக்கிறது. சேர்க்காத பால் 'இருக்கலாம்' என்றால் என்ன பொருள்? பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இதைக் கொடுக்கலாமா?

பதில் தொழிற்சாலைக்குள் இருக்கிறது. பெரும்பாலான சாக்லேட் ஆலைகளில் மில்க் சாக்லேட்டும் டார்க் சாக்லேட்டும் ஒரே இயந்திர வரிசையில் மாறி மாறி ஓடுகின்றன. அரைக்கும் உருளைகள், மணிக்கணக்கில் கிளறும் கான்ச் தொட்டி, பக்குவமாகக் குளிரவைக்கும் டெம்பரிங் இயந்திரம், அச்சில் ஊற்றும் குழாய்கள் எல்லாமே பொது. காலையில் ஹேசல்நட் விழுது கலந்த மில்க் சாக்லேட் ஓடிய வரிசையில் மாலையில் டார்க் சாக்லேட் ஓடும்.

நடுவில் கழுவிவிட்டால் என்ன என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். சாக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கும் சர்க்கரைத் துகளும் கோகோத் துகளும்தான். அதில் கொஞ்சம் தண்ணீர் பட்டாலும் சர்க்கரைத் துகள்கள் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, வழுவழுப்பாக ஓடிய குழம்பு திடீரென்று இறுகிப்போகும். குழாயின் மூலை முடுக்கில் ஈரம் தங்கினால் சால்மோனெல்லா கிருமி பெருகும் ஆபத்தும் உண்டு. சாக்லேட்டின் கொழுப்புக்குள் அந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. அதனால் சாக்லேட் ஆலைகள் இயன்றவரை தண்ணீரைக் கிட்டவே சேர்ப்பதில்லை. சுரண்டி எடுப்பார்கள், உருகிய கோகோ பட்டரையோ அடுத்து வரப்போகும் டார்க் சாக்லேட்டையோ கொஞ்சம் ஓடவிட்டுப் பழையதை வெளியே தள்ளுவார்கள். மிளகாய் அரைத்த மிக்ஸி ஜாரைக் கழுவாமல், ஒரு பிடி சர்க்கரையைப் போட்டு அரைத்துக் கொட்டிவிட்டு, அடுத்த பிடியைப் பாயசத்துக்கு எடுப்பது போன்ற வேலை இது. காரம் குறையும், முழுக்கப் போகாது.

மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று பார்க்க அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அந்நாட்டுக் கடைகளில் டார்க் சாக்லேட் பட்டைகளை வாங்கிச் சோதித்தது. 94 பட்டைகளில் ஆறு மட்டுமே பாலைச் சேர்மானமாகக் காட்டியிருந்தன. மீதி 88-ல் 51 பட்டைகளில் பால் இருந்தது. 'பால் இருக்கலாம்' என்ற வகையில் எச்சரிக்கை போட்டிருந்தவற்றைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, நான்கில் மூன்றில் பால் இருந்தது. 'மே கண்டெய்ன்' என்பதைச் சும்மா சம்பிரதாயத்துக்குப் போடுகிறார்கள் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். டார்க் சாக்லேட்டும் பாலும் சேர்ந்த இடத்தில் அது சம்பிரதாயமே அல்ல.

இனி அளவுக்கு வருவோம். எவ்வளவு பால் ஆபத்து? உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு 2021-ல் ஒவ்வொரு ஒவ்வாமைப் பொருளுக்கும் ஒரு மேற்கோள் அளவைப் பரிந்துரைத்தது. பாலுக்கும் வேர்க்கடலைக்கும் அது 2 மில்லிகிராம் புரதம், ஹேசல்நட்டுக்கு 3, முந்திரி, பிஸ்தா, வால்நட்டுக்கு 1. ஒரு வேளையில் அந்த அளவு உள்ளே போனால், அந்த ஒவ்வாமை உள்ளவர்களில் சுமார் 95 சதவீதம் பேருக்கு வெளிப்படையான விளைவு வராது என்பது அதன் பொருள். மிச்சம் ஐந்து சதவீதம் பேருக்கு வரலாம். 2 மில்லிகிராம் பால் புரதம் என்பது ஏறக்குறைய ஒரே ஒரு சொட்டுப் பாலில் இருப்பது. வேர்க்கடலை என்றால் ஒரு பருப்பின் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு.

தொடக்கத்தில் பார்த்த பெல்ஜியப் பட்டையில் 25 கிராமை ஒரு குழந்தை தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன்பு ஓடிய மில்க் சாக்லேட் அதில் ஒரே ஒரு சதவீதம் கலந்திருக்கிறது. அப்படியானால் அந்த 25 கிராமில் கால் கிராம் மில்க் சாக்லேட். மில்க் சாக்லேட்டில் ஐந்தில் ஒரு பங்கு பால் பவுடர் என்று கொண்டால், 50 மில்லிகிராம் பவுடர். முழுப் பால் பவுடரில் கால் பங்குக்குச் சற்று மேல் புரதம். ஆக சுமார் 13 மில்லிகிராம் பால் புரதம், அந்த மேற்கோள் அளவைப் போல ஆறு மடங்குக்கு மேல். நாக்குக்கு அந்த ஒரு சதவீதம் தெரியவே தெரியாது.

'போன மாதம் இதையேதான் சாப்பிட்டான், ஒன்றும் ஆகவில்லையே' என்ற வாதமும் இங்கே எடுபடாது. வரிசையை மாற்றியதும் வரும் முதல் பட்டைகளில் மிச்சம் அதிகம்; ஓட ஓடக் குறையும். எந்த நேரத்தில் அச்சில் விழுந்த பட்டை நம் கைக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாது. பால் பவுடராவது குழம்பில் ஓரளவு சீராகப் பரவும். வேர்க்கடலைத் துணுக்கும் பாதாம் துணுக்கும் அப்படிப் பரவுவதில்லை. நூறு பட்டையில் ஒன்றும் இல்லாமல், நூற்றியோராவதில் ஒரு துண்டாகவே விழலாம்.

சரி, உறையை எப்படிப் படிப்பது? முதலில் அந்த உறை எந்த நாட்டுச் சட்டப்படி அச்சானது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு இடத்தில் எழுதச் சொல்கிறது.

இந்திய விதிகளின்படி, சேர்த்த ஒவ்வாமைப் பொருள்களை 'கண்டெய்ன்ஸ்' என்று தனி வரியில் போட வேண்டும். நம் கண் அந்த வரியைத் தேடியே பழகிவிட்டது. ஐரோப்பிய உறையில் அப்படி ஒரு வரி பொதுவாக இருக்காது. அங்கே 2014 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள சட்டம், சேர்மானப் பட்டியலுக்குள்ளேயே பால், சோயா, ஹேசல்நட் போன்ற சொற்களைத் தடித்த எழுத்திலோ பெரிய எழுத்திலோ எடுத்துக்காட்டச் சொல்கிறது. எந்தப் பருப்பு என்று பெயர் சொல்லியும் எழுத வேண்டும். 'கண்டெய்ன்ஸ்' வரி இல்லை என்று நிம்மதி அடைந்தால், பட்டியலில் தடித்த எழுத்தில் நிற்கும் பால் பவுடரைத் தவறவிடுவோம். அமெரிக்க உறையில் இரண்டில் ஒன்று போதும்: பட்டியலுக்குள் சொன்னால் தனி வரி தேவையில்லை. எனவே எந்த நாட்டு உறையானாலும் பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை படித்தே ஆக வேண்டும். வே பவுடர், கேசின், லாக்டோஸ், மில்க் ஃபேட், பட்டர் ஆயில் எல்லாம் பாலின் வேறு வேறு பெயர்கள்.

'மே கண்டெய்ன்' வரிக்கு வந்தால் நிலைமை தலைகீழ். சேர்த்த பொருளைச் சொல்வது கட்டாயம். தற்செயலாகக் கலக்கக்கூடியதைச் சொல்வது ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் நிறுவனத்தின் விருப்பம். இந்திய விதியும் அதை அறிவிக்கலாம் என்ற அளவில்தான் சொல்கிறது. ஆகவே அந்த வரி இருந்தால் அது தகவல். இல்லாவிட்டால் எதற்கும் உத்தரவாதம் இல்லை. 'டிரேசஸ்', 'இதே ஆலையில் நட்ஸ் கையாளப்படுகிறது' என்றெல்லாம் சொல்லை மாற்றிப் போடுவதால் ஆபத்து கூடுவதாகவோ குறைவதாகவோ கொள்ள முடியாது. மென்மையாக எழுதியிருப்பதை மக்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் நடைமுறை.

இந்தியாவில் விற்கும் வெளிநாட்டுப் பட்டையில் இன்னும் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இறக்குமதியாளர் ஒட்டும் வெள்ளை ஸ்டிக்கர். அவர் பெயர், முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் அதில் இருக்கும். சில பட்டைகளில் அது சேர்மானப் பட்டியலின் மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. படிக்க முடியாத உறையை, ஒவ்வாமை உள்ள வீட்டுக்கு வாங்க வேண்டாம். இன்னொன்று, பச்சைப் புள்ளி. நம் நாட்டுக் கணக்கில் பால் சைவம். எனவே பச்சைப் புள்ளிக்கும் பால் ஒவ்வாமைக்கும் சம்பந்தமே இல்லை. 'வீகன்' என்ற சொல்லும் இப்படித்தான். பால் சேர்க்கவில்லை என்று அது சொல்கிறது. பால் ஓடிய வரிசையில் செய்யவில்லை என்று சொல்லவில்லை. வீகன் முத்திரையும் 'மே கண்டெய்ன் மில்க்' வரியும் ஒரே உறையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கலாம்.

உறையே பொய் சொல்லும் நேரமும் உண்டு. பிஸ்தா விழுது அடைத்த துபாய் பாணி சாக்லேட் உலகமெங்கும் பரவியபோது, முறையாகச் சேர்மானம் எழுதாத பட்டைகளும் கூடவே வந்தன. ஒவ்வாமை உள்ளவர்கள் இறக்குமதியான துபாய் பாணி சாக்லேட்டைத் தவிர்க்கும்படி 2025-ல் பிரிட்டனின் உணவுத் தர முகமை அறிவுறுத்த வேண்டிவந்தது.

யார் எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பால் குடித்தால் வயிறு உப்பும், பேதியாகும் என்பவர்களுக்கு லாக்டோஸ் செரிப்பதில்தான் குறை. 'மே கண்டெய்ன் மில்க்' அளவுக்கு அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. பால் புரதத்துக்கோ வேர்க்கடலைக்கோ நட்ஸுக்கோ ஒவ்வாமை என்று மருத்துவர் உறுதிசெய்தவர்கள், குறிப்பாக ஆஸ்துமாவும் சேர்ந்தவர்கள், 'இருக்கலாம்' என்பதை 'இருக்கிறது' என்றே படிக்க வேண்டும். சாப்பிட்ட பின் உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றினாலோ ஒவ்வாமை மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே கொடுக்க வேண்டிய முதல் மருந்து அட்ரினலின் ஊசி.

கடைசியாக, வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சாக்லேட் வாங்கிவருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய பைக்குள் தனித்தனியாகச் சுற்றிவரும் சின்ன சாக்லேட்டுகளின் தாளில் பெரும்பாலும் பெயர் மட்டுமே இருக்கும். சேர்மானப் பட்டியலும் எச்சரிக்கையும் வெளிப் பையில்தான். சொந்தபந்தங்களுக்குக் கை நிறைய அள்ளிக் கொடுக்கும் முன், அந்தப் பையின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டுக் குழந்தைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பது கொடுப்பவருக்குத் தெரிந்திருக்காது. கேட்கும்போது காட்டப் பட்டியலாவது கையில் இருக்கட்டும்.