வெறும் '?' மட்டும் வந்தால் என்ன விளங்குவது?

உப்புவெளியில் கடற்கரையோரம் இருக்கின்ற சில விடுதிகளுக்கு மீன் கொடுப்பது என் தொழில். சீசன் காலத்தில் விடியப்புறமே வட்ஸ்அப்பில்தான் வியாபாரம் நடக்கும். ஒரு விடுதியின் சமையல்காரர் சிங்களச் சகோதரர். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஓரளவு வாசிப்பார். ஒரு நாள் காலை 6.05க்கு அவருக்கு இப்படி எழுதினேன்: இன்றைக்குப் பாரை இல்லை, கலவா தரட்டா, விலை அதேதான். 6.06க்குப் பதில் வந்தது. ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதான்.

'பாரை தருவதாகச் சொல்லிவிட்டு இப்போது இல்லை என்கிறாயா?' என்று கோபப்படுகிறார் என நினைத்தேன். மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டு, கலவாவை வேறு விடுதிக்குக் கொடுத்துவிட்டேன். ஒன்பது மணிக்கு அவரே அழைத்தார். மீன் எங்கே என்று கேட்டார். நடந்தது இதுதான்: பாரை என்ற சொல் அவருக்குத் தெரியும், சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதே பெயர்தான். கலவா என்றால் என்ன மீன் என்று அவருக்கு விளங்கவில்லை. கொஸ்ஸா என்று எழுதியிருந்தால் அந்த நிமிடமே சரி என்றிருப்பார்.

அன்றைக்குப் பிறகு இந்தத் தனிக் குறிகளைப் பற்றிக் கொஞ்சம் தேடி வாசித்தேன். ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. நெதர்லாந்தில் பணியாற்றும் மார்க் டிங்கமான்ஸ என்பவரும் அவருடைய சகாக்களும் 2013இல் வெளியிட்டது. ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்கவில்லை அல்லது விளங்கவில்லை என்றால், நாம் 'ஆ?' என்போமே, அதுபோன்ற ஒரு சிறு ஓசை ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல மொழிகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதைக் காட்டினார்கள். அந்த ஓசையைக் கேட்டதும் பேசியவர் தான் சொன்னதைத் திரும்பச் சொல்வார். போனில் வருகின்ற வெறும் கேள்விக்குறி பல நேரங்களில் இந்த 'ஆ?'தான். நேரில் என்றால் முகமும் குரலும் சேர்ந்து, கேட்கவில்லையா, நம்பவில்லையா, கோபமா என்று காட்டிவிடும். எழுத்தில் அது உதிர்ந்துவிடுகிறது.

ஆனால் எல்லாக் கேள்விக்குறியும் 'ஆ?' அல்ல. நான் இப்போது முதலில் பார்ப்பது, அதற்கு மேலே இருக்கின்ற செய்தி யாருடையது என்பதைத்தான். மேலே இருப்பது என்னுடைய செய்தி, கேள்விக்குறியும் ஓரிரு நிமிடத்தில் வந்திருக்கிறது என்றால், நான் எழுதியதில் ஏதோ அவருக்கு விளங்கவில்லை, அல்லது நம்ப முடியவில்லை. மேலே இருப்பது அவருடைய செய்தியே, அதற்கு நான் இரண்டு மூன்று மணி நேரமாகப் பதில் போடவில்லை என்றால், அது ஞாபகமூட்டல்: 'கேட்டேனே, பதில் எங்கே?' இரண்டும் இல்லாமல் பழைய உரையாடலுக்குக் கீழே திடீரென்று விழுந்தால், போனுக்கு வெளியே ஏதோ நடந்திருக்கிறது. நான் தவறவிட்ட அழைப்பாக இருக்கலாம், நேரத்துக்கு வராத முச்சக்கர வண்டியாக இருக்கலாம்.

என் காலைக் கதையை இதில் வைத்துப் பாருங்கள். மேலே இருந்தது என் செய்தி. இடைவெளி ஒரு நிமிடம். கோபம் என்று நான் எடுக்க எந்தக் காரணமும் இல்லை. விளங்கவில்லை என்றுதான் எடுத்திருக்க வேண்டும். அப்போதும் அதே வாக்கியத்தைத் திரும்ப அனுப்பியிருந்தால் பயனில்லை. விளங்காதது காதில் விழாததால் அல்ல, சொல் தெரியாததால். ஆகவே வேறு சொல், அல்லது மீனின் படம்.

இந்த வழி கைவிடுகின்ற இடமும் உண்டு. நாம் நான்கைந்து செய்திகளை வரிசையாகத் தட்டிவிட்ட பிறகு ஒரு '?' வந்தால் அது எதற்கு என்று யாராலும் சொல்ல முடியாது. கடலில் நிற்பவருக்கு சிக்னல் கிடைக்கும்போது எல்லாம் ஒன்றாகத்தான் போய் விழும். எந்தச் செய்திக்குப் பதிலோ அதை இழுத்துப் பிடித்து அதன் கீழ் அனுப்பினால் குழப்பம் இல்லை. அப்படிச் செய்யாதவரிடம் 'எதைக் கேட்கிறீர்கள்?' என்று கேட்பதில் வெட்கமில்லை.

இமோஜிக்கும் மேலே இருக்கின்ற செய்திதான் சாவி. கட்டைவிரல் 👍 ஒன்றையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர், தம் படை அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டது பற்றிய வட்ஸ்அப் குழுச் செய்திக்குக் கட்டைவிரல் போட்டார். கொலையைக் கொண்டாடினார் என்று வேலையிலிருந்து நீக்கினார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. 2024இல் நீதிமன்றம் அந்த விரலை 'ஓகே' என்பதற்குப் பதிலாக, செய்தியைப் பார்த்துவிட்டேன் என்பதாகவும் கொள்ளலாம், கொலையைக் கொண்டாடியதாகக் கொள்ள முடியாது என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

கனடாவில் சஸ்காட்சுவான் மாகாணத்தில் நேர்மாறாக நடந்தது. தானியம் வாங்கும் கம்பனி ஒன்று 2021 மார்ச்சில் 87 தொன் ஆளிவிதைக்கான ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பி, உறுதிப்படுத்துங்கள் என்று எழுதியது. அவர் 👍 அனுப்பினார். நவம்பரில் விலை ஏறியிருந்தது, விதை வரவில்லை. ஒப்பந்தம் கிடைத்தது என்று சொல்லத்தான் விரலைப் போட்டேன், ஒப்புக்கொள்ளவில்லை என்றார் விவசாயி. நீதிபதி பழைய குறுஞ்செய்திகளைப் பார்த்தார். முன்பும் இதே கம்பனி இதே மாதிரி ஒப்பந்தம் அனுப்பியபோது அவர் 'ஓகே' போன்ற ஓரிரு சொல்லில் பதில் சொல்லி, பொருளையும் கொடுத்திருந்தார். இந்த விரலும் அதே வேலையைத்தான் செய்கிறது என்று 2023இல் 82,000 கனடிய டொலருக்கு மேல் நட்டஈடு கட்டச் சொன்னார். 2024 டிசம்பரில் மேல் நீதிமன்றமும் பெரும்பான்மையாக அதையே உறுதிசெய்தது.

ஒரே விரல், இரண்டு முடிவு. மதுரை வழக்கில் மேலே இருந்தது ஓர் அறிவித்தல், எவரிடமும் சம்மதம் கேட்கவில்லை. கனடாவில் மேலே இருந்தது ஒரு கோரிக்கை, கூடவே இருவருக்கும் இடையில் பழைய வழக்கமும் இருந்தது. நம் ஃபிக்ஹ் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. உஸ்மானிய காலத்து மஜல்லாவில், மௌனமாக இருப்பவர் வாயில் நாம் ஒரு சொல்லை வைக்கக்கூடாது என்ற விதியும், பேச வேண்டிய இடத்தில் மௌனமே பேச்சாகும் என்ற விதியும் ஒன்றாகவே நிற்கின்றன. நமது நாட்டிலும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், மின்னணுச் செய்தியால் ஆனது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைத் தள்ளிவிட முடியாது என்கிறது. ஆகவே கொள்வனவு விடயத்தில் விரலைக் காட்டுகின்றவர்கள் கொஞ்சம் யோசித்துக் காட்டுவது நல்லது. நானும் தொகை பெரிதென்றால் 'எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு' என்று எழுத்தில் வாங்காமல் படகுக்காரரிடம் முற்பணம் கொடுப்பதில்லை.

கடைசியாக ஒன்று, இது வியாபாரம் அல்ல. ஜனாஸா அறிவித்தலுக்குக் கீழே 😂 போடுகின்ற பெரியவர்கள் எங்கள் ஊரில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கண்ணீர் தெரிகிறது, அழுகிறது என்று நினைக்கிறார்கள். அது சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வருகின்ற முகம். அழுகின்ற முகம் 😭, வாய் கீழ்ப்பக்கம் திறந்திருக்கும். சின்னத் திரையில், கண்ணாடி போடாமல், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மையித்து வீட்டுக்காரர் ஒருவர் அதைப் பார்த்துக் கொதித்ததை நான் கண்டிருக்கிறேன். போட்டவர் மையித்தின் சொந்தச் சாச்சா, அப்போது கபுறடியில் நின்று கொண்டிருந்தார்.

சமையல்காரருக்கு இப்போதெல்லாம் மீனைத் தராசில் வைத்துப் படம் எடுத்துத்தான் அனுப்புகிறேன். அவர் அனுப்புவது இன்னும் அதே 👍தான். ஆனால் அதற்குப் பின்னால் ஓர் எண்ணும் சேர்த்துவிடுகிறார்: 12 என்றால் 12 கிலோ.