அப்பாவின் பங்குகள் யார் பெயருக்கு?

அப்பா காலமாகி இருபது நாள் ஆகியிருக்கும். அவருடைய செல்போன் மகன் கையில் இருக்கிறது. பங்கு வாங்கி விற்கும் ஆப்பின் பாஸ்வேர்டு தெரியும், ஓடிபியும் அதே போனில்தான் வரும். “எல்லாத்தையும் வித்து அம்மா அக்கவுண்ட்டுக்கு மாத்திடலாம்ப்பா, எதுக்கு அலையணும்?” என்று துக்கம் விசாரிக்க வந்த மாமா ஒருவர் யோசனை சொல்வார்.

செய்யக் கூடாத முதல் காரியம் அதுதான். இறந்தவர் பெயரில் ஆர்டர் போட யாருக்கும் அதிகாரம் இல்லை. அவர் உயிரோடு இருந்தபோது கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னிகூட இறப்போடு முடிந்துவிடுகிறது. விற்ற பணமும் அப்பாவின் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். நாளைக்கு ஒரு தங்கை, ‘என்னைக் கேட்காமல் விற்றார்கள்’ என்று புகார் கொடுத்தால், இறந்த தேதியும் ஆர்டர் போட்ட தேதியும் பக்கத்துப் பக்கத்தில் சாட்சியாக நிற்கும்.

முறையான வழிக்கு ‘டிரான்ஸ்மிஷன்’ என்று பெயர். இது விற்பனையும் இல்லை, அன்பளிப்பும் இல்லை. உரிமையாளர் இறந்ததால் பங்கு சட்டப்படி அடுத்தவர் பெயருக்குப் போவது. அதனால் முத்திரைக் கட்டணமும் கிடையாது, மாற்றும்போது வருமான வரியும் கிடையாது.

எங்கே விண்ணப்பிப்பது என்பது பங்கு எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டீமேட் கணக்கில் இருந்தால் அந்தக் கணக்கை வைத்திருக்கும் டெபாசிட்டரி பார்ட்டிசிபன்ட், சுருக்கமாக டி.பி. பெரும்பாலும் அது புரோக்கரோ வங்கியோதான். ஒரே டி.பி.யிடம் உள்ள கணக்கில் நாற்பது நிறுவனப் பங்குகள் இருந்தாலும் விண்ணப்பம் ஒன்றுதான். பீரோவில் காகிதச் சான்றிதழாக இருந்தால் அந்தந்த நிறுவனத்தின் ரெஜிஸ்ட்ராரிடம் போக வேண்டும். அப்பா எங்கெல்லாம் முதலீடு செய்தார் என்றே தெரியாவிட்டால், டெபாசிட்டரிகளான என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். அவருடைய இமெயிலுக்கு அனுப்பிவந்த ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையையும், வங்கி பாஸ்புக்கில் டிவிடெண்ட் விழுந்த வரிகளையும் பார்த்தால் பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

கும்பகோணம் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். இந்துக் குடும்பம். அப்பா உயில் எழுதவில்லை, நாமினியும் போடவில்லை. அம்மா, இரண்டு மகன்கள், சிங்கப்பூரில் இருக்கும் மகள். டீமேட்டில் 9 லட்சம் ரூபாய்ப் பங்குகள். பீரோவில் ஒரே ஒரு நிறுவனத்தின் பழைய சான்றிதழ், 200 பங்குகள். எல்லாவற்றையும் அம்மா பெயருக்கே மாற்றிவிடுவது என்று பிள்ளைகள் ஒருமனதாக முடிவெடுத்துவிட்டார்கள்.

வாரிசுகள் நால்வர் என்றுதான் அவர்களும் நினைப்பார்கள். ஆனால் அப்பாவைப் பெற்ற பாட்டி, எண்பத்தெட்டு வயதில், திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாமல் இறந்த ஆணின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள அதே பங்கு அவருக்கும் உண்டு. ஆக வாரிசுகள் ஐந்து பேர், ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. பாட்டியின் கையெழுத்தோ கைரேகையோ இல்லாமல் போகும் விண்ணப்பம் அரைகுறை விண்ணப்பம். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அடிக்கடி மறந்துவிடும் வாரிசு இந்தப் பாட்டிதான்.

முதலில் டீமேட். நாமினி இல்லாதபோது, கணக்கிலுள்ள பங்குகளின் மதிப்பு 15 லட்சத்துக்குள் இருந்தால் நடைமுறை எளிது. 2022இல் செபி இந்த வரம்பை 5 லட்சத்திலிருந்து 15 லட்சமாக உயர்த்தியது. அம்மா டிரான்ஸ்மிஷன் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். கூடவே இறப்புச் சான்றிதழ், அம்மாவின் பான் நகல், வாரிசுகள் இன்னார் இன்னார் என்று எல்லா வாரிசுகளும் முத்திரைத்தாளில் நோட்டரி முன்னிலையில் செய்யும் பிரமாணப் பத்திரம், மற்ற நால்வரும் ‘அம்மா பெயருக்கு மாற்ற எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்று தரும் தடையில்லாச் சான்று, பின்னால் யாராவது உரிமை கோரி வந்தால் நஷ்டத்தை ஈடுகட்டுவோம் என்ற உறுதிப் பத்திரம். கோர்ட்டுப் படி ஏற வேண்டியதில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதிப்பு கணக்கிடப்படுவது விண்ணப்பிக்கும் நாளில், அப்பா இறந்த நாளில் அல்ல. கணக்கு 14 லட்சத்தில் இருக்கும்போது ‘ஆடி போகட்டும், ஆவணி வரட்டும்’ என்று தள்ளிப்போட்டு, சந்தை ஏறி 16 லட்சம் ஆகிவிட்டால் கேட்கப்படும் ஆவணங்களும் ஏறிவிடும்.

இன்னொன்று, பங்குகள் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். அம்மா பெயரில் டீமேட் கணக்கு இல்லாவிட்டால் முதலில் அதைத் திறக்க வேண்டும். அதற்கு அம்மாவின் பான், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். அம்மாவின் கணக்கு வேறு டி.பி.யிடம் இருந்தால், அந்த டி.பி. முத்திரையிட்டுத் தரும் ‘கிளையன்ட் மாஸ்டர்’ பிரதியை இணைக்க வேண்டும்.

இனி அந்த ஒற்றைச் சான்றிதழ். மகன் அதை எடுத்துப் பார்க்கிறார்: 200 பங்குகள், முகமதிப்பு 10 ரூபாய். பங்கின் இன்றைய விலை 300 என்று இணையத்தில் தெரிகிறது. மொத்தம் 60,000 ரூபாய்தானே என்று நினைக்கிறார். இடைப்பட்ட காலத்தில் நிறுவனம் 10 ரூபாய்ப் பங்கை 1 ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்திருப்பது அவருக்குத் தெரியாது. 200 என்பது இப்போது 2,000. மதிப்பு 6 லட்சம்.

இங்கேதான் விஷயம் தலைகீழாகிறது. காகிதப் பங்குகளுக்கு எளிய நடைமுறையின் வரம்பு ஒரு நிறுவனத்துக்கு 5 லட்சம் மட்டுமே. நிறுவனம் விரும்பினால் அதை உயர்த்திக்கொள்ளலாம், ஆனால் உயர்த்தித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. ஆக 9 லட்ச ரூபாய் டீமேட் பங்குகளுக்குத் தேவைப்படாத ஆவணம் 6 லட்ச ரூபாய்க் காகிதப் பங்குக்குத் தேவைப்படுகிறது. நீதிமன்ற வாரிசுரிமைச் சான்றிதழ், புரொபேட் போன்றவை வரம்பைத் தாண்டியவர்களிடம் கேட்கப்படுபவை. நல்லவேளையாக 2022 மாற்றத்தில், தாசில்தார் தரத்துக்குக் குறையாத வருவாய்த் துறை அதிகாரி தரும் வாரிசுச் சான்றிதழும் போதும் என்றாகிவிட்டது. தாலுகா அலுவலகத்தில் வாங்கும் அந்தச் சான்றிதழோடு மற்ற வாரிசுகளின் தடையில்லாச் சான்றும் நோட்டரி செய்த ஈட்டுறுதிப் பத்திரமும் வைத்தால் ரெஜிஸ்ட்ரார் ஏற்றுக்கொள்ள வேண்டும். வாரிசுச் சான்றிதழில் எல்லார் பெயரும் இருப்பதால் பிரமாணப் பத்திரத்தை அம்மா மட்டும் கொடுத்தால் போதும்.

ரெஜிஸ்ட்ராருக்குப் போகும் டிரான்ஸ்மிஷன் படிவத்தின் பெயர் ஐ.எஸ்.ஆர்-5. ரெஜிஸ்ட்ரார் யார் என்பது நிறுவனத்தின் இணையதளத்திலும் ஆண்டறிக்கையிலும் இருக்கும். சென்னையில் கேமியோ, ஐதராபாத்தில் கேஃபின், மும்பையில் முன்பு லிங்க் இன்டைம் என்றிருந்து இப்போது எம்.யு.எஃப்.ஜி. இன்டைம் ஆகியிருப்பது ஆகியவை பலருக்கும் தெரிந்த பெயர்கள். பழைய சான்றிதழில் அச்சிட்ட முகவரிக்கே தபால் போடுவது வீண், ரெஜிஸ்ட்ரார் மாறியிருக்கலாம். அனுப்புமுன் ஃபோலியோ எண்ணைக் குறிப்பிட்டு ஒரு இமெயில் போட்டு, இன்றைய தேதிக்கு எத்தனை பங்குகள், வாங்காத டிவிடெண்ட் எவ்வளவு என்று கேட்டுக்கொள்வது நல்லது. வேலை முடிந்ததும் அம்மா பெயரில் புதுக் காகிதம் வராது. பங்கு அவருடைய டீமேட் கணக்குக்குத்தான் போகும்.

ஆவணங்கள் சரியாக இருந்தால் டீமேட்டுக்கு 7 நாள், காகிதப் பங்குக்கு 21 நாள் என்று விதி சொல்கிறது. நடைமுறையில் மாதக்கணக்கில் இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ‘சரியாக இருந்தால்’ என்ற அந்த நிபந்தனைதான். அதிலும் நம் இனிஷியல். பங்குச் சான்றிதழில் ‘கோ. ராமசாமி’, பான் அட்டையில் ‘ராமசாமி கோவிந்தசாமி’, இறப்புச் சான்றிதழில் வெறும் ‘ராமசாமி’ என்று இருந்தால், மூவரும் ஒருவரே என்பது ஊருக்குத் தெரியும். மும்பையில் விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் ஊழியருக்குத் தெரியாது. இறப்பைப் பதிவு செய்யும்போதே பான், ஆதாரில் உள்ளபடி பெயரையும் தந்தை பெயரையும் எழுதச் செய்தால் பாதித் தலைவலி குறையும். தவறிவிட்டால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று காட்டும் அடையாள ஆவணமோ பிரமாணப் பத்திரமோ தேவைப்படும்.

அடுத்த தாமதம் சிங்கப்பூர் மகளின் கையெழுத்து. வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஸ்கேன் செல்லாது. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்றொப்பம் பெற்ற அசல் வர வேண்டும். டீமேட், காகிதம் இரண்டுக்கும் தேவையான பிரதிகளை ஒரே தடவையில் முடித்துக்கொள்ளாவிட்டால் அவர் மறுபடி லீவு போட வேண்டியிருக்கும்.

இந்தக் குடும்பத்தில் அப்பா நாமினி போட்டிருந்தால்? டி.பி.யிடம் வேலை மிக எளிது: படிவம், இறப்புச் சான்றிதழ், பான். மற்றவர்களின் கையெழுத்து எதுவும் வேண்டாம். ஆனால் நாமினிக்கே சொத்து சொந்தமாகிவிடுகிறது என்ற நம்பிக்கையை உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் தெளிவாக மறுத்துவிட்டது. நாமினி பங்கைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. யாருக்கு எவ்வளவு என்பதை உயிலும் வாரிசுரிமைச் சட்டமும் தீர்மானிக்கும். அண்ணன் நாமினி என்பதால் தங்கையின் பங்கு போய்விடாது.

அம்மா இரண்டாவது பெயராகக் கூட்டுக் கணக்கில் இருந்திருந்தால் இன்னும் எளிது. இறப்புச் சான்றிதழோடு விண்ணப்பித்தால் அவர் பெயரில் திறக்கும் புதுக் கணக்குக்குப் பங்குகள் போய்விடும்.

பல வருடம் யாரும் கவனிக்காமல் விட்ட பங்குகளுக்கு வேறொரு கதை உண்டு. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்கப்படாவிட்டால், பங்கே மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். ரெஜிஸ்ட்ராரின் பதிலில் ‘ஐ.இ.பி.எஃப்.’ என்று இருந்தால் இதுதான் பொருள். பங்கு தொலைந்துவிடவில்லை. வாரிசு ஆவணங்களை நிறுவனம் சரிபார்த்து உரிமைக் கடிதம் தரும். அதை வைத்து ஐ.இ.பி.எஃப்-5 படிவத்தை ஆன்லைனில் தாக்கல் செய்ய வேண்டும். இதில் 21 நாள் கணக்கு பொருந்தாது, பொறுமை வேண்டும். முகவர்கள் சதவீதக் கமிஷன் பேசிக்கொண்டு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். படிவமும் நடைமுறையும் எல்லாருக்கும் திறந்தே இருப்பதால், வாரிசுகளுக்குள் சண்டை இல்லாத குடும்பம் இதற்குப் பெரிய தொகை கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆவணம் எல்லாம் கொடுத்தும் காரணம் சொல்லாமல் இழுத்தடித்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதியலாம். அதற்கு, முதலில் நிறுவனத்திடமோ டி.பி.யிடமோ எழுத்தில் கேட்ட தேதியும் அவர்கள் தந்த பதிலும் கையில் இருக்க வேண்டும். போனில் பேசியதை நிரூபிக்க முடியாது.

பங்கு அம்மா கணக்குக்கு வந்த பிறகு விற்றால்தான் வரிக் கேள்வி எழும். அப்போது வாங்கிய விலை என்று எடுத்துக்கொள்ளப்படுவது அப்பா வாங்கிய விலை. அவர் வைத்திருந்த காலமும் சேர்த்தே கணக்கிடப்படும். 2018 ஜனவரி 31க்கு முன் வாங்கிய பட்டியலிட்ட பங்கு என்றால் அந்த நாளின் சந்தை விலையும் கணக்கில் வரும். டீமேட்டுக்கு மாறி வந்த பங்குக்குப் புரோக்கரின் ஆப் பெரும்பாலும் வாங்கிய விலையைக் காட்டாது, அல்லது பூஜ்யம் என்று காட்டும். அப்பாவின் பழைய காண்ட்ராக்ட் நோட்டுகளை வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று பழைய பேப்பர்காரரிடம் போடாமல் எடுத்து வைத்தால், அந்த விலையைச் சரியாக எழுத முடியும்.